கிறுக்கல் குறிப்பிலிருந்து அரைப் பக்கத்துக்கு: புதிதாக வரும் சிகிச்சையாளர்களுக்குச் சில சொற்கள்

மேற்பார்வைக்கு என் மேசைக்கு வரும் கேஸ் ஃபார்முலேஷன்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பிறந்த நாளிலிருந்து நேற்று வரை எல்லாவற்றையும் ஆறு பக்கத்தில் சொல்லும் வாழ்க்கை வரலாறு. மற்றது, மூன்று கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் நாலு வார்த்தையை அடைத்த அட்டவணை. எதைப் படித்து முடித்தாலும், "சரி, அடுத்த வாரம் இவரோடு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தரும்படி எழுதுவது எப்படி என்பதை ஒரே ஒருவரை வைத்துச் சொல்கிறேன். இவர் பலரின் கதைகளைக் கலந்து நான் உருவாக்கியவர். தேடினால் கிடைக்க மாட்டார்.

வயது 36. குரோம்பேட்டையில் வீடு, நுங்கம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, "இதோ போயிடப்போறேன்" என்ற பயம் வருகிறது. இரண்டு முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கிறார். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு எல்லாம் சரியாக இருக்கின்றன. இரண்டு அமர்வுகள் முடிந்தபோது சிகிச்சையாளரின் நோட்டில் இருந்தது இது:

அப்பா – இவருக்கு 14 – "கேஸ்னு சொல்லிட்டுப் படுத்தார்" – ஆட்டோ பிடிக்கப் போனது இவர்.
டிரெயின். கிண்டி தாண்டி. "மூச்சே வரல." சைதாப்பேட்டையில் இறங்கிட்டார். மார்ச் 3ஆம் வாரம்.
ஆபீஸ் நண்பர் தூக்கத்திலேயே – பிப்ரவரி கடைசி.
காபி 5–6. தூக்கம் இல்லை. கணக்கு முடிக்கிற மாசம்.
சட்டைப் பாக்கெட்டில் சார்பிட்ரேட் – மாமனார் கொடுத்தது – ஒரு தடவைகூடப் போட்டதில்லை.
பேசும்போது மணிக்கட்டில் விரல், 2 தடவை.
மனைவி கூட வந்தார். வெளியே உட்கார்ந்திருந்தார்.
அம்மா மேல் கோபம்?
சாயங்கால பேட்மின்டன் நிறுத்திட்டார்.
"மூச்சை நல்லா இழுத்து விடுறேன், அப்பவும் குறையல."

நல்ல குறிப்பு இது. அலங்கோலமாக இருப்பது குறையே இல்லை. இனி இதை என்ன செய்வது என்று பார்ப்போம்.

1. ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே குறித்துவிடுங்கள்.

மேலே உள்ள பத்து வரியில் மூன்று ஜாதி கலந்திருக்கிறது. அவர் சொன்னது, நீங்கள் கண்ணால் பார்த்தது, நீங்களாக நினைத்துக்கொண்டது. "மூச்சே வரல" என்பது அவர் சொன்னது. மணிக்கட்டில் விரல் வைத்தது நீங்கள் பார்த்தது. அம்மா மேல் கோபம் என்பது உங்கள் ஊகம். மேற்கோள் குறி, ஒரு சிறு வட்டம், ஒரு கேள்விக்குறி என மூன்று அடையாளங்கள் போதும். இந்தச் சிகிச்சையாளர் முதலாவதையும் மூன்றாவதையும் போட்டிருக்கிறார், வட்டத்தை விட்டுவிட்டார். அன்று மாலைக்குள் இதைச் செய்யாவிட்டால், நான்கு நாள் கழித்து நோட்டைப் புரட்டும்போது உங்கள் ஊகமே அவர் வாயால் சொன்னதுபோல் உங்களுக்குத் தோன்றும். "அவருக்குத் தாய் மீது அடக்கப்பட்ட கோபம் உள்ளது" என்ற வாக்கியம் அப்படித்தான் அறிக்கைகளுக்குள் நுழைகிறது. நோட்டில் பெயர் எழுதாதீர்கள், எண் போதும் என்பதை உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.

2. எதை விளக்கப் போகிறீர்கள் என்று முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.

"பதற்றம்" என்று எழுதினால் எதையும் காரணமாகச் சேர்க்கலாம்; உலகில் எல்லாமே பதற்றத்துக்குக் காரணம்தான். "மார்ச் மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறும் நெஞ்சுப் படபடப்பும் செத்துவிடுவோம் என்ற பயமும் வருகின்றன, அதனால் மின்சார ரயிலையும் தனியாக வெளியே போவதையும் விட்டுவிட்டார்" என்று எழுதினால், பாதிக் குறிப்புகள் தாமாக விலகி நிற்கும். பேனிக் டிஸார்டர் என்று நோய்க்குப் பெயர் வைப்பது வேறு வேலை. அதே பெயர் கொண்ட பத்துப் பேருக்குப் பத்து ஃபார்முலேஷன் வரும்.

உடம்புக் காரணங்கள் பார்க்கப்பட்டாயிற்றா என்பதும் இந்த இடத்தில்தான் முடிவாக வேண்டும். தைராய்டு கூடினாலும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டாலும் இதே படபடப்பு வரும். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவர் பார்த்து முடித்த விவரத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு நகருங்கள்.

3. கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

எல்லோரும் குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்குகிறார்கள், காலவரிசை அதுதான் என்பதால். எழுதும் வரிசை தலைகீழாக இருக்கட்டும். எது தாங்கிப் பிடிக்கிறது, எது தொடக்கிவைத்தது, எது முன்பே இருந்தது என்று பின்னோக்கிப் போங்கள். நாம் கைவைத்து மாற்றக்கூடியவை பெரும்பாலும் இன்று நடந்துகொண்டிருப்பவை மட்டுமே. அப்பா இறந்ததை யாராலும் மாற்ற முடியாது.

நீடிக்கச் செய்யும் காரணிகளைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கடைசியாக வந்த ஒரு தாக்கத்தை எடுத்துக்கொண்டு நிமிடம் நிமிடமாகக் கேட்பது. "பொதுவாக என்ன ஆகும்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "போன செவ்வாய் ராத்திரி, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். முதலில் உடம்பில் என்ன தெரிந்தது? உடனே மனதில் என்ன ஓடியது? கை என்ன செய்தது?" என்று கேளுங்கள். நம்மவர் சொன்னது இது: சாப்பிட்டு முடித்ததும் நெஞ்சு லேசாக இறுகியது. "இது கேஸ் இல்லை, அப்பாவுக்கும் இப்படித்தான்" என்று தோன்றியது. விரல் மணிக்கட்டுக்குப் போனது. எண்ண எண்ண நாடி ஏறியது. மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டார். தலை சுற்றி, விரல் நுனி மரத்துப்போனது. "அட்டாக்தான்" என்று உறுதியானது. மனைவியைக் கூப்பிட்டார். அவர் நெஞ்சைத் தடவி "ஒண்ணும் இல்லைங்க" என்றார். கால் மணி நேரத்தில் அடங்கியது.

1986இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் வெளியிட்ட கட்டுரை இந்தச் சங்கிலியைத்தான் விவரிக்கிறது. உடலில் ஏதோ ஓர் உணர்வு; அதைப் பேராபத்தாகப் புரிந்துகொள்வது; அதனால் பயம்; பயத்தால் அதே உணர்வு இன்னும் கூடுவது; கூடியதே புதிய ஆதாரம் ஆவது. உங்கள் கட்டத்தில் "எதிர்மறை எண்ணங்கள், மன அழுத்தம்" என்று பெயர்ச்சொற்களை அடுக்காதீர்கள். வினைச்சொற்களால் எழுதுங்கள், ஒன்றின் வால் அடுத்ததன் தலையைத் தொடட்டும். சுற்று மூடவில்லை என்றால் நடுவில் ஒரு கேள்வி கேட்காமல் விட்டிருக்கிறீர்கள்.

ஆழமாக மூச்சு இழுப்பதைக் கவனியுங்கள். யாரோ நல்லெண்ணத்தில் சொல்லிக்கொடுத்தது அது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது; தலைசுற்றலும் மரத்துப்போவதும் அதனால்தான். அவர் தீர்வு என்று நம்புவது சுற்றின் ஒரு கண்ணியாக இருக்கிறது. "சமாளிக்கும் முறைகள்" என்ற தலைப்பில் இதைப் பாராட்டி எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

4. பயன்படுத்தாத மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

சார்பிட்ரேட்டைப் பலர் குறிப்பிலேயே எழுதுவதில்லை, போட்டுக்கொள்ளாத மாத்திரைதானே என்று. நம் வீடுகளில் இதய நோயாளி ஒருவர் இருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் அந்தச் சின்ன மாத்திரை உறவினர் பாக்கெட்டுகளுக்கும் பரவிவிடுகிறது. இவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "அன்றைக்கு அது பாக்கெட்டில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" அவர் சற்று யோசித்துவிட்டு, "வெளியே கிளம்பியே இருக்க மாட்டேன்" என்றார். மாத்திரை இல்லாமல் வெளியே போய், ஒன்றும் ஆகாமல் திரும்பிவந்த அனுபவம் அவருக்கு இந்த மாதங்களில் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. ஒன்றும் ஆகாதபோதெல்லாம் பெருமை மாத்திரைக்குப் போகிறது. "என் நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது" என்ற முடிவுக்கு அவர் வரவே முடிவதில்லை.

பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991இல் இதைப் பாதுகாப்பு நடத்தை என்று விளக்கி எழுதினார். இந்தக் கேஸில் அப்படி ஐந்து இருக்கின்றன: மாத்திரை, நாடி பார்ப்பது, மனைவியின் துணை, ரயிலுக்குப் பதில் வாடகைக் கார், ஒவ்வொரு பயத்துக்கும் ஓர் ஈசிஜி. ஈசிஜி தரும் நிம்மதி எத்தனை நாள் தாங்குகிறது என்று கேளுங்கள். இரண்டு நாள், மூன்று நாள் என்று சொன்னால், அது உறுதிமொழி தேடும் பழக்கம். பேட்மின்டனை விட்டதையும் இதில் சேருங்கள். விளையாடினால் நெஞ்சு துடிக்கும், துடித்தால் பயம், ஆகவே துடிப்பே கூடாது என்று வாழ்கிறார்.

எது நீடிக்கச் செய்யும் காரணி என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. இந்த வாரமும் நடக்கிறதா, அது நின்றால் சில வாரங்களில் அறிகுறி குறையும் என்று எதிர்பார்க்கலாமா? இரண்டுக்கும் "ஆம்" வந்தால் எழுதுங்கள். "நோய் பற்றிய தெளிவின்மை" என்பது இந்தச் சோதனையில் தேறாது. அது அவர் மேல் நமக்கு உள்ள சலிப்பு.

ஓர் எச்சரிக்கை. மாத்திரை மருத்துவர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் அதை வைக்காதீர்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்த மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

5. தூண்டியது எது என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

முதல் தாக்கம் மார்ச் மூன்றாம் வாரம். அதற்கு முந்தைய சில வாரங்களில் என்ன நடந்தது என்று மட்டும் பாருங்கள். பிப்ரவரி கடைசியில், ஏறத்தாழ தன் வயதே உள்ள நண்பர் தூக்கத்தில் இறந்தார். அது பொருள் தந்தது. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, தூக்கமின்மை, ஐந்தாறு காபி, அடைசலான காலை ரயில்: இவை உடம்பில் படபடப்பைத் தந்தன. இரண்டும் சேர்ந்துதான் கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் வெடித்தது. நண்பரின் மரணத்தை மட்டும் எழுதினால் "ஏன் அன்றைக்கு, ஏன் ரயிலில்" என்பதற்குப் பதில் இல்லை. காபியை மட்டும் எழுதினால், போன வருட மார்ச்சிலும் இதே காபிதானே என்று கேட்பேன்.

ஜூலையில் அவர் நம்மிடம் வந்தது, வீட்டிலிருந்து வேலை செய்வதை மேலாளர் நிறுத்தச் சொன்னதால். இதைத் தூண்டிய காரணியாக எழுதிவிடுகிறார்கள். நோய் தொடங்கிய காரணமும் சிகிச்சைக்கு வந்த காரணமும் ஒன்றல்ல.

6. முன்னமைந்த காரணிகளில் கஞ்சத்தனம் காட்டுங்கள்.

வளர்ப்பு, சுபாவம், பரம்பரை என்று எதை வேண்டுமானாலும் போடக்கூடிய கட்டம் இது, அதனால்தான் அது வீங்குகிறது. ஒரே விதி: நீங்கள் வரைந்த சுற்றில் எந்தக் கண்ணியை இது விளக்குகிறது என்று காட்ட முடிந்தால் மட்டுமே உள்ளே விடுங்கள். பதினான்கு வயதில், "கேஸ்" என்று படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. நெஞ்சு இறுக்கத்தை மற்றவர்கள் வாயு என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில் இவர் ஏன் மரணத்தைப் படிக்கிறார் என்பதற்கு இது நேரடி விடை. அதற்குப் பிறகு அம்மா சின்னக் காய்ச்சலுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். உடம்பைக் கண்காணிப்பதும், பரிசோதனையில்தான் நிம்மதி என்பதும் அங்கே கற்றவை. இரண்டும் சுற்றில் ஒட்டுகின்றன, உள்ளே வரலாம்.

அம்மா மேல் கோபம்? அது எந்தக் கண்ணியையும் தொடவில்லை. கேள்விக்குறியோடு நோட்டிலேயே இருக்கட்டும். நாளைக்கு ஆதாரம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே நிகழ்ச்சி இரண்டு கட்டத்தில் வரலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். வரலாம், வேறு வேறு வேலை செய்தால். அப்பாவின் மரணம் முன்னமைந்தது. ஒவ்வொரு தாக்கத்தின்போதும் "அப்பாவுக்கும் இப்படித்தான்" என்று ஒப்பிடுவது இன்றைய பழக்கம், அது நீடிக்கச் செய்வது.

7. இப்போது எழுதுங்கள், அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல்.

எழுதும்போது காலவரிசைக்குத் திரும்பலாம். நம்மவருக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"36 வயதுக் கணக்கர். மார்ச் மாதத்திலிருந்து வாரத்துக்கு 2–3 பேனிக் தாக்கங்கள். ரயிலையும் தனியே வெளியே போவதையும் தவிர்க்கிறார். இதய, தைராய்டு பரிசோதனைகள் சரி. 14 வயதில், வாயுத்தொல்லை என்று படுத்த தந்தை இறந்ததைப் பார்த்தார். அதன்பின் சிறு உபாதைக்கும் மருத்துவமனை என்ற வீட்டில் வளர்ந்தார். இதனால் நெஞ்சு உணர்வுகளை மரணத்தின் அறிகுறியாகப் படிக்கும் நிலை அமைந்திருக்கலாம். பிப்ரவரியில் ஒத்த வயது நண்பரின் திடீர் மரணம் அந்தப் பயத்தை எழுப்பியது. தூக்கமின்மை, மிகையான காபி, நெரிசல் ஆகியவை தந்த படபடப்பை மாரடைப்பு என்று புரிந்துகொண்டதில் முதல் தாக்கம் வந்தது. இன்று, நெஞ்சில் சிறு மாற்றம் தெரிந்ததும் நாடியைக் கவனிக்கிறார், ஆழமாக மூச்சு இழுக்கிறார். அதனால் கூடும் அறிகுறிகளை மேலும் ஆதாரமாகக் கொள்கிறார். மாத்திரை, மனைவியின் துணை, மீண்டும் மீண்டும் ஈசிஜி, உடற்பயிற்சியைத் தவிர்ப்பது ஆகியவை உடனடி நிம்மதி தந்தாலும், ஆபத்து இல்லை என்று அறியும் வாய்ப்பைத் தடுக்கின்றன."

"அமைந்திருக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடந்த காலம் பற்றிய வாக்கியங்களில் அந்தத் தயக்கம் வேண்டும். நேற்று நடந்ததை, நீங்கள் கேட்டும் பார்த்தும் அறிந்ததை, தயங்காமல் எழுதலாம். வேலையில் உள்ள பிடிப்பு, மனைவியின் ஆதரவு போன்ற காக்கும் காரணிகளை உங்கள் துறைத் தலைவர் கேட்டால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. பொருந்தாத ஒரு செய்தியைத் தேடிப் பிடியுங்கள்.

எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டால் எனக்குச் சந்தேகம் வரும். மூன்றாம் அமர்வில் இவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். ஜூன் மாதம் அம்மா கீழே விழுந்தபோது, தகவல் வந்ததும் ஆபீஸிலிருந்து தனியாக ரயிலேறி வந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. ரயில்தான் பிரச்சினை என்றால் இது நடந்திருக்கக் கூடாது. "அப்போது உங்கள் நெஞ்சு எப்படி இருந்தது?" என்று கேட்டதற்கு, "அதை யார் பார்த்தா?" என்றார். கவனம் உடம்பில் இல்லாதபோது சுற்று ஓடவில்லை. ஆக, சங்கிலியில் கவனத்துக்கு இருக்கும் இடம் இன்னும் பெரிது. அரைப் பக்கத்தில் கவனம் பற்றிய வரியை மேலே ஏற்றினோம்.

ஃபார்முலேஷன் சரியா என்று பார்க்க, அது ஏதாவது ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இது சொல்வது: அமர்விலேயே இரண்டு நிமிடம் வேகமாக மூச்சு வாங்கினால் அவர் அஞ்சும் அதே அறிகுறிகளில் பல வரும். மருத்துவரின் ஒப்புதலோடு செய்து பார்க்கலாம். இதய நோய், வலிப்பு, கடும் ஆஸ்துமா உள்ளவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் கூடாது. அறிகுறிகள் வந்து, "அச்சு அசல் இதுதான்" என்று அவர் சொன்னால் மூச்சு பற்றிய கண்ணி தேறியது. தலைசுற்றல் வந்தும், "இது வேற மாதிரி இருக்கு" என்றால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி கேட்கத் தொடங்குங்கள்.

9. அவரிடம் காட்டுங்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவருக்குத் தம் அடிப்படை மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. அவர் படிக்கப்போகிறார் என்ற நினைப்போடு எழுதினாலே பாதிச் சொற்கள் மாறிவிடும். மனைவியைப் பற்றி "நோயை ஊக்குவிக்கிறார்" என்று எழுத மாட்டீர்கள். கணவர் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் தடவிக்கொடுக்கிறார், அந்தத் தடவலால் இவருக்கு மறுமுறையும் அவர் தேவைப்படுகிறார் என்று எழுதுவீர்கள்.

காட்டும்போது தாளைக் கையில் கொடுப்பதைவிட, வெள்ளைத் தாளில் சுற்றை அவரையே வரையச் சொல்வது நல்லது. அவருடைய சொற்களையே போடுங்கள். "பேராபத்துப் புரிதல்" என்று எழுதும் இடத்தில் "இது கேஸ் இல்லை" என்று இருக்கட்டும். வரைந்து முடித்ததும் "இதில் எது தப்பு?" என்று கேளுங்கள். "சரியா?" என்று கேட்டால் நம் ஊரில் மரியாதைக்காகவே "சரிங்க மேடம்" என்பார்கள். இவர் ஓர் அம்புக்குறியை அடித்தார். மனைவி வருவதற்கு முன்பே, அவருக்கு போன் போகிறது என்று தெரிந்ததுமே பாதி குறைந்துவிடுகிறதாம். நம்மில் யாருக்கும் தெரியாத செய்தி அது. சிகிச்சையில் முதலில் எதைத் தள்ளிப்போடச் சொல்ல வேண்டும் என்பதும் அதிலிருந்துதான் கிடைத்தது. ஐந்து நிமிடம் போன் செய்யாமல் இருப்பது.

தாளின் மேல் தேதி போடுங்கள். ஐந்தாறு அமர்வுக்குப் பிறகு பழையதை அழிக்காமல், புதுத் தேதியில் இன்னொன்று எழுதி, இரண்டையும் எடுத்துக்கொண்டு மேற்பார்வைக்கு வாருங்கள். மாறிய வரிகளைத்தான் நான் முதலில் படிப்பேன்.